பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு பவர் பிரிக்கும் முறை

பழைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நாலைந்தை ஒரே பவர் சப்ளையில் போடுகிறீர்களா? சாட்டா பவர் பிளக்கில் இருந்து பிரிக்காதீர்கள், பெரிய நான்கு முள் மோலெக்ஸ் பிளக்கில் இருந்து பிரியுங்கள்.

டிஸ்க்கின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு அரை அம்பியர் அளவில்தான் போட்டிருக்கும். அது ஓடும்போது எடுப்பது. சுழலத் தொடங்கும் சில விநாடிகளுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 அம்பியர் இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 8. சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 அம்பியர்தான். மோலெக்ஸின் தடித்த முள்ளுக்கு 8 பெரிய சுமையில்லை. சுமை மிஞ்சினால் டிஸ்க் 'டிக் டிக்' என்று நின்று நின்று தொடங்கும், அல்லது பயோஸில் ஒரு நாள் தெரியும், மறுநாள் காணாமல் போகும். பலர் டேட்டா கேபிளைத்தான் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பாவம்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மோலெக்ஸில் இருந்து சாட்டாவுக்குப் பிரிக்கும் அடப்டர் வாங்கும்போது சாட்டா முனையைத் திருப்பிப் பாருங்கள். வயர்களை மூடியால் அழுத்திப் பிடித்திருப்பது நல்லது. வயரோடு ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்ததை வேண்டாம் என்றே சொல்வேன். உள்ளே வயர்கள் நெருங்கி ஷோர்ட் ஆகி உருகுவதுண்டு.

எஸ்எஸ்டிக்கும் 2.5 அங்குல லேப்டொப் டிஸ்க்குக்கும் இந்தக் கணக்குத் தேவையில்லை. அவை பெரும்பாலும் 5 வோல்ட்டில் மட்டும் ஓடும், சாட்டாவில் இருந்து இரண்டாகப் பிரித்தாலும் சரி. ஆனால் கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளைக்கு வேறொன்றின் கேபிளைச் செருகவே வேண்டாம். முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம், எல்லா டிஸ்க்கும் ஒன்றாகக் கருகும்.