சந்தை ஊரும் ‘கூட்டம்’ என்ற ஒரே சொல்லும்

சென்னையில் ஆங்கிலத்தில் பயணக் கட்டுரை எழுதத் தொடங்குகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ‘க்ரௌடட்’ இரண்டு முறை வந்துவிட்டால், அடுத்த வரிகளில் பேக்ட், பஸ்லிங், டீமிங், கன்ஜெஸ்டட் என்று அகராதியில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக இறக்கிவிடுகிறார்கள். தமிழில் எல்லாவற்றையும் ‘கூட்டம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம், ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் வேறு படத்தைக் காட்டும்.

கன்ஜெஸ்டட் பாராட்டு அல்ல

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பற்றி ஒரு பெண் எழுதினாள், அங்கிருந்த ஒரு விடுதிக்காக. முதல் வரியிலேயே அந்த ஊரை ‘கன்ஜெஸ்டட் மார்க்கெட் டவுன்’ என்றாள். கலகலப்பான ஊர் என்று சொல்வதாக நினைப்பு. விடுதிக்காரர் படித்தது வேறு: இங்கே வந்தால் வண்டி நகராது, மூச்சு முட்டும். கட்டுரை திரும்பி வந்தது, பணமும் போச்சு.

மூக்கு அடைத்துக்கொண்டால் டாக்டர் சொல்வதும் இதே சொல்தான். வழி அடைபட்டு, போக வேண்டியது போகாமல் நிற்கும் நிலை அது. பஸ்லிங் நேர் எதிர்: ஆட்கள் நிறைய, ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ வேலையாக நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். எத்தனை பேர் என்பது இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம், நகர்கிறார்களா நிற்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

ஒரே சந்தையில் இரண்டுக்கும் இடம் உண்டு. கேரளாவுக்குப் போகும் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக ஹாரன் அடித்தபடி நிற்கிற நுழைவுச் சாலை கன்ஜெஸ்டட். உள்ளே ஏலம் கூவுகிறவர்களும், தலையில் மூட்டையோடு “வழி, வழி” என்று ஓடும் சுமைதூக்கிகளும், தக்காளிப் பெட்டிகளை அடுக்குகிறவர்களும் இருக்கும் மண்டி பஸ்லிங். அந்தப் பெண்ணிடம் செய்யச் சொன்னது இவ்வளவுதான்: ஊரை பஸ்லிங் ஆக்கு, கன்ஜெஸ்டடைச் சாலைக்கு மட்டும் கொடு, அதுவும் காலையில் எந்த நேரத்தில் என்று சேர்த்து. அதற்குப் பிறகு அது வாசகருக்கு உதவும் தகவலாகிவிட்டது, எப்போது போகக் கூடாது என்று தெரிகிறது இல்லையா?

டீமிங்

குளத்தில் மீன், பழத்தில் ஈ என்று மொய்ப்பதற்கு இயல்பாக வரும் சொல். மனிதர்களுக்கும் வரும், ஆனால் அப்போது எழுதுகிறவர் தூரத்தில் நின்று முகம் தெரியாத திரளைப் பார்க்கிறார். பூக்காரம்மாவிடம் பேரம் பேசிய அடுத்த வரியில் ‘டீமிங் வித் பீப்பிள்’ என்று எழுதினால், அவரையும் அந்த மொய்ப்புக்குள் தள்ளியதாகிவிடும். அப்புறம், கூடவே ‘வித்’ வேண்டும், ‘ஆஃப்’ இல்லை.

பேக்ட்

சுவரோ கதவோ உள்ள இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பஸ், மண்டிக் கொட்டகை, டீக்கடை.

நான்கும் ஒரே பத்தியில்

வேண்டாம்.