மறுகூட்டலுக்குப் பணம் கட்டும் முன்: முடிவு அறிவிப்பிலும் மதிப்பெண் பட்டியலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வு முடிவு குறித்த அறிவிப்பில் பெரும்பாலான மாணவர்கள் கவனமாகப் படிப்பது முடிவு வெளியாகும் நாளையும் இணையதள முகவரியையும் மட்டுமே. அவற்றுக்குக் கீழே மறுகூட்டல், மறுமதிப்பீடு, கட்டணம், கடைசி நாள் ஆகியவை பற்றிச் சில வரிகள் இருக்கும். எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோதுதான் அந்த வரிகள் நினைவுக்கு வருகின்றன. அதற்குள் அவகாசத்தில் பாதி கழிந்திருக்கும். ஆனால் அவசரமாக விண்ணப்பிப்பதும் தீர்வாகாது. மதிப்பெண் பட்டியலைச் சரியாகப் படித்து, எங்கே குறை நேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பட்டியலைப் படிப்பதில் நேரும் முதல் தவறு, மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது. ஒரு பாடத்துக்கு அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75, மொத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வில் குறைந்தது 30, மொத்தத்தில் குறைந்தது 40 பெற்றால் தேர்ச்சி என்பது விதி. ஒரு மாணவி அகமதிப்பீட்டில் 21, எழுத்துத் தேர்வில் 27, ஆக மொத்தம் 48 பெற்றிருக்கிறார். பட்டியலோ தேர்ச்சி இல்லை என்கிறது. 40 போதும் என்றிருக்க 48 பெற்றவர் எப்படித் தோற்க முடியும், இது கணினிப் பிழையாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். பிழை ஏதுமில்லை. எழுத்துத் தேர்வுக்கெனத் தனியாக உள்ள குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு அவருக்கு 3 மதிப்பெண் குறைகிறது. அகமதிப்பீட்டில் எவ்வளவு பெற்றிருந்தாலும் அந்த 3 மதிப்பெண்ணை அது ஈடுகட்டாது. ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற மதிப்பெண், அதிகபட்ச மதிப்பெண், குறைந்தபட்ச மதிப்பெண் ஆகிய மூன்றையும் கூறு கூறாக ஒப்பிட வேண்டும்.

மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக் குறியீடு இருந்தால், பட்டியலின் அடியிலோ பின்பக்கத்திலோ உள்ள விளக்கத்தைப் பார்க்க வேண்டும். AB என்பது பொதுவாகத் தேர்வுக்கு வரவில்லை என்பதையும், WH என்பது முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும் குறிக்கும். தேர்வு எழுதியவருக்கு AB என்று வந்திருந்தால் மறுகூட்டலுக்குப் பணம் கட்டுவது வீண். மதிப்பெண்ணே பதிவாகாத இடத்தில் எதைக் கூட்டுவது? தேர்வு அறையின் வருகைப் பதிவில் இட்ட கையெழுத்துதான் அங்கே சான்று. கல்லூரி அல்லது பள்ளி வழியாக உடனே எழுத்து மூலம் முறையிட வேண்டும்.

அடுத்த தவறு, மறுகூட்டலையும் மறுமதிப்பீட்டையும் ஒன்றாக எண்ணுவது. மறுகூட்டலில் விடையை யாரும் புதிதாகப் படித்து மதிப்பிடுவதில்லை. எல்லா விடைகளுக்கும் மதிப்பெண் இடப்பட்டுள்ளதா, உள்ளே இட்டவை முகப்புத் தாளுக்கு ஏறியுள்ளனவா, கூட்டல் சரியா என்பவற்றை மட்டுமே பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் வேறொரு மதிப்பீட்டாளர் விடைகளை மீண்டும் படித்து மதிப்பெண் இடுவார். நன்றாக எழுதிய விடைக்குக் குறைவாகத் தந்துவிட்டார்கள் என்ற மனக்குறையோடு மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தால், மாற்றமில்லை என்ற பதில்தான் வரும்.

இவ்விரண்டில் எது தேவை என்பதை விடைத்தாள் நகலைப் பார்த்துத் தீர்மானிப்பதே நல்லது. நகலுக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டுமே பிறகு மறுமதிப்பீடு கோரலாம் என்று சில தேர்வு அமைப்புகள் விதி வைத்திருக்கின்றன. அங்கே நகலுக்கான கடைசி நாளைத் தவறவிட்டால் அடுத்த கதவும் மூடிவிடும்.

மேலே சொன்ன மாணவியின் நகலையே எடுத்துக்கொள்வோம். வினாத்தாளில் முதல் பகுதிக்கு 20, இரண்டாம் பகுதிக்கு 25, மூன்றாம் பகுதிக்கு 30 மதிப்பெண். முகப்புத் தாளில் முறையே 11, 9, 7 என்று பதிவாகி, கூட்டுத்தொகை 27 என்று சரியாகவே இருக்கிறது. பலரும் இந்த இடத்தோடு நகலை மூடிவிடுகிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் இட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் முகப்புத் தாளோடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் பகுதியில் ஐந்து வினாக்களில் மூன்றுக்கு விடை எழுத வேண்டும். அவர் 17, 19, 20 ஆகியவற்றுக்கு எழுதியிருக்கிறார். முகப்புத் தாளில் 17-க்கு 4, 19-க்கு 3 இருக்கின்றன. 20-க்கு உரிய கட்டம் காலியாக இருக்கிறது. அந்த விடை கூடுதல் தாளில் இருக்கிறது. அதன் ஓரத்தில் 4 மதிப்பெண்ணும் இடப்பட்டிருக்கிறது. அதைச் சேர்த்தால் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 31. இவருக்கு மறுகூட்டலே போதும், மறுமதிப்பீட்டுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. விண்ணப்பத்தில் பக்க எண்ணையும் வினா எண்ணையும் குறிப்பிட இடம் இருந்தால் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

இதே மாணவி நான்கு வினாக்களுக்கு எழுதி, நான்காவதன் மதிப்பெண் சேராமல் இருந்திருந்தால் அது பிழையாகாது. கேட்டதற்கு மேல் எழுதிய விடைகளில் எவை கணக்கில் வரும் என்பதை வினாத்தாளின் குறிப்போ தேர்வு விதியோ சொல்லும்.

கட்டணம் பெரும்பாலும் பாடவாரியாக, நகலுக்குத் தனி, மறுகூட்டலுக்குத் தனி, மறுமதிப்பீட்டுக்குத் தனி என்று இருக்கும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று இருப்பதும், பணம் கட்டிவிட்டு இறுதிச் சமர்ப்பிப்பை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. விண்ணப்ப எண்ணும் பாடக் குறியீடும் உள்ள ரசீது கையில் கிடைத்தால்தான் விண்ணப்பம் பதிவானதாகக் கொள்ள வேண்டும். கணக்கிலிருந்து பணம் போய் ரசீது வராவிட்டால், பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை கட்டிவிடாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு நிலையைப் பார்க்க வேண்டும். கடைசி நாளின் கடைசி மணி நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது. கடைசி நாள் என்பது அன்று மாலை அலுவலக நேரம் வரையா, நள்ளிரவு வரையா என்பதும் அறிவிப்பிலேயே இருக்கும்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும். சில அமைப்புகளில் புதிய மதிப்பெண்ணே இறுதியானது, சிலவற்றில் இரண்டில் உயர்ந்தது எடுத்துக்கொள்ளப்படும், இன்னும் சிலவற்றில் வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே மாற்றம் செய்யப்படும். விளிம்பில் தேர்ச்சி பெற்றவர்கள் இந்த விதியைப் படிக்காமல் விண்ணப்பிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றிலும் அதிகமாக வருந்த வைப்பது, மறுமதிப்பீட்டு முடிவை நம்பித் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பது. இரண்டுக்குமான கால அவகாசம் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்காது. மறுமதிப்பீட்டில் தேர்ச்சி கிடைத்தால் துணைத்தேர்வுக் கட்டணம் மட்டும் போகும். கிடைக்காவிட்டால் அடுத்த தேர்வு வரை காத்திருக்க நேரும்.

மதிப்பெண் மாறினால், முடிவு வந்த அன்று இணையத்தில் இறக்கிய பழைய பட்டியலை மேற்படிப்பு விண்ணப்பத்தில் இணைக்கக் கூடாது. அச்சிட்ட மூலப் பட்டியல் முன்பே வழங்கப்பட்டிருந்தால், அதை ஒப்படைத்துத் திருத்திய பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். புதிதாக வருவதில் திருத்திய மதிப்பெண்ணோடு மொத்தமும் தேர்ச்சி நிலையும் மாறியிருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.