கார்த்திகை 1-ல் மாலை போட்டால் 48-ஆம் நாள் எது? மண்டலக் கணக்கு போடும் முறை

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபரிமலைக் குழுவில் இரண்டு கன்னிசாமிகள் ஒரே காலையில், ஒரே கோயிலில் மாலை போட்டார்கள். மார்கழி பாதி தாண்டியதும் ஒருவர் "எனக்கு மண்டலம் முடிவது சனிக்கிழமை" என்றார். இன்னொருவர் "இல்லை சாமி, ஞாயிறு" என்றார். இரண்டு பேருமே போனில் தேதியைக் கூட்டித்தான் பார்த்திருந்தார்கள். குருசாமி போனைக் கையில் வாங்கவே இல்லை. ஞாயிறு என்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"மாலை போட்ட அன்னைக்கு விரதம் இருந்தீங்களா, இல்லையா?"

"இருந்தேன் சாமி."

"அப்ப அது ஒண்ணு. அதை விட்டுட்டு எண்ணியிருக்கீங்க."

முதல் முறை மாலை போடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த ஒரு இடத்தில்தான். இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மீதியெல்லாம் சாதாரணக் கூட்டல். 2025 சீசனின் தேதிகளை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். உங்கள் தேதியை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எது முதல் நாள்?

காலையில் குளித்து, கோயிலில் குருசாமி கையால் மாலை போட்டு, அன்று முழுவதும் விரதம் இருந்தால் அந்த நாளே 1. இதில் சந்தேகமே வேண்டாம்.

மாலை நேரத்தில் போடுபவர்களுக்குத்தான் குழப்பம் வரும். பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை. அதனால் சாயங்காலம் ஆறரை மணிக்குப் போட்டாலும் அது அதே நாள்தான். ஆனால் அன்று காலை விரதக் குளியல் இல்லை, காலை சரணம் இல்லை, மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதும் விரதக் கணக்கில் வராது. அதை அரை நாள் என்று வைத்துக்கொண்டு, மறுநாள் காலையை 1 என்று எண்ணுவதுதான் என் வழக்கம். ஒரு நாள் கூடுதலாக விரதம் இருந்தால் குறை ஒன்றும் இல்லை. 47 நாளிலேயே மண்டலம் முடிந்ததாக நினைத்துக்கொண்டு கிளம்பினால்தான் மனசு உறுத்தும். உங்கள் குருசாமி வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே கணக்கு. எதுவானாலும் மாலை போடும் அன்றே கேட்டு முடிவு செய்துவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்க வேண்டாம்.

கூட்ட வேண்டியது 47

முதல் நாளை ஏற்கெனவே எண்ணிவிட்டோம். மீதி இருப்பது 47 நாள்தான். அதனால் தொடங்கிய தேதியோடு 47-ஐக் கூட்டினால் 48-ஆம் நாள் வரும். 48-ஐக் கூட்டினால் 49-ஆம் நாள் வந்து நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமி செய்தது இதைத்தான்.

2025-இல் கார்த்திகை 1, நவம்பர் 17, திங்கட்கிழமை. மாதம் மாதமாகப் பிரித்து எண்ணுவோம். நவம்பர் 17 முதல் 30 வரை, 17-ஐயும் சேர்த்து 14 நாள். இந்த இடத்தில் 30-லிருந்து 17-ஐக் கழித்து 13 என்று போட்டுவிடாதீர்கள், முதல் நாள் விட்டுப்போகும். டிசம்பர் முழுசாக 31. ஆக 45. இன்னும் மூன்று வேண்டும், ஜனவரி 1, 2, 3. ஆக 48-ஆம் நாள் 2026 ஜனவரி 3, சனிக்கிழமை.

தமிழ்த் தேதியிலும் ஒருமுறை பார்த்துவிடலாம். அந்த வருடம் கார்த்திகைக்கு 29 நாள். 48-ல் 29 போனால் மீதி 19. மார்கழி 19 எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்தால் அதே ஜனவரி 3. கார்த்திகைக்கு எப்போதும் 29 நாள்தான் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். சில வருடம் 30 நாள் வரும், அப்போது மண்டலம் மார்கழி 18-லேயே முடிந்துவிடும். "போன தடவை மார்கழி 19, அதனால் இந்தத் தடவையும் 19" என்று போவது சரியாக இருக்காது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க விரும்பினால் எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இந்த ஒரு வரி போதும்:

```
=TEXT(DATE(2025,11,17)+47,"dd-mm-yyyy")
```

தேதியை 5/12 என்கிற மாதிரி அடித்தால் சில போன்களும் ஷீட்களும் அதை மே 12 என்று எடுத்துக்கொள்ளும். மேலே உள்ளபடி வருடம், மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்தால் அந்தத் தொல்லை கிடையாது.

கிழமை வைத்துச் சரிபார்ப்பது

காகிதமே இல்லாமல் சோதிக்க எனக்குப் பிடித்த வழி இது. திங்கட்கிழமை தொடங்கினால் 1, 8, 15, 22, 29, 36, 43, 50 எல்லாமே திங்கள். 50 திங்கள் என்றால் 49 ஞாயிறு, 48 சனி. அதாவது 48-ஆம் நாள் எப்போதும் தொடங்கிய கிழமைக்கு இரண்டு கிழமை முன்னால் விழும். திங்கள் போட்டால் சனி, வியாழன் போட்டால் செவ்வாய், சனி போட்டால் வியாழன்.

உங்களுக்கு வந்த விடை ஒரே ஒரு கிழமை முன்னால் இருந்தால் 48-ஐக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்று கிழமை முன்னால் இருந்தால் ஒரு நாள் குறைவாக, 46-ஐத்தான் கூட்டியிருக்கிறீர்கள். குருசாமி போனை வாங்காமலேயே யார் கணக்கு தவறு என்று கண்டுபிடித்தது இப்படித்தான். திங்கட்கிழமை போட்டவர் ஞாயிறு என்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தினமும் எண்ணிக்கொண்டு வருவது

கடைசி நாளைக் கண்டுபிடித்தாலும், இன்று எத்தனையாவது நாள் என்று தெரிந்துகொண்டே போவது தனி நிறைவு. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர்தான். மாலை போட்ட அன்று இரவே உட்கார்ந்து, கிழிக்கும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிவிடுவேன். டிசம்பர் 31-ஆம் தேதித் தாளில் 45 வரும். அதோடு பழைய காலண்டர் தீர்ந்துவிடும். ஆணியில் புதுக் காலண்டரை மாட்டும் பரபரப்பில் பலருக்கும் கணக்கு விட்டுப்போவது இங்கேதான். அதனால் புதுக் காலண்டர் கைக்கு வந்ததுமே முதல் மூன்று தாளிலும் 46, 47, 48 என்று எழுதி வைத்துவிடுங்கள்.

விரலிலும் எண்ணலாம். கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரலிலும் மூன்று மூன்று கணு, ஆக 12. நான்கு சுற்று வந்தால் 48. நவம்பர் 17-ல் தொடங்கினால் முதல் சுற்று நவம்பர் 28-ல் முடியும், இரண்டாவது டிசம்பர் 10, மூன்றாவது டிசம்பர் 22, நான்காவது ஜனவரி 3. என் அம்மா வீட்டில் விளக்கு ஏற்றும் மண்டலத்தை இப்படித்தான் எண்ணுவார். ஒரு சுற்று முடிந்ததும் சுவாமி படத்தின் முன் ஒரு மஞ்சள் கிழங்கு வைப்பார். நான்கு கிழங்கு சேர்ந்தால் மண்டலம் பூர்த்தி.

இப்படி வீட்டில் 48 நாள் விளக்கேற்றும் பெண்களுக்கு நடுவில் மாதவிலக்கு நாட்கள் வரும். அந்த நாட்களை விட்டுவிட்டு எண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், விட்ட நாட்களை 47-ஓடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் விட்டால் தொடங்கிய தேதியோடு 52-ஐக் கூட்ட வேண்டும். விட்ட தாள்களில் எண் எழுதாமல் ஒரு சிறு கோடு மட்டும் போட்டால் குழம்பாது.

மலைக்குப் போகும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

உண்மையில் நம்மில் பலருக்கு இதுதான் தேவைப்படும். ஏனென்றால் நம் ஊரில் மண்டலம் என்றால் 48, கேரளத்தில் 41. சபரிமலையில் மண்டல பூஜை நடப்பது அந்த 41-ஆம் நாள். 2025-இல் நவம்பர் 17 தொடங்கி 41-ஆம் நாளான டிசம்பர் 27-ல் மண்டல பூஜை நடந்தது. அன்று இரவு நடை சாத்தி, டிசம்பர் 30 மாலைதான் மகரவிளக்கு பூஜைக்காகத் திறந்தார்கள். அதனால் கார்த்திகை 1-ல் மாலை போட்டு 48 நாள் முழுக்க விரதம் இருப்பவரால் மண்டல பூஜை அன்று மலையில் இருக்க முடியாது. அவருக்கு மகரவிளக்குக் காலம்தான்.

மண்டல பூஜை அன்றே 48-ஆம் நாளாக இருக்க வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். டிசம்பரில் 27 நாள் கிடைக்கிறது, இன்னும் 21 வேண்டும். நவம்பர் 30-லிருந்து பின்னோக்கி 21 நாள் எண்ணினால் நவம்பர் 10. அதாவது ஐப்பசி 24-லேயே மாலை போட்டிருக்க வேண்டும். ஜனவரி 14 மகரவிளக்கு 48-ஆம் நாளாக வர வேண்டுமென்றால் ஜனவரியில் 14, டிசம்பரில் 31, ஆக 45. மீதி மூன்றுக்கு நவம்பர் 28, 29, 30. எனவே நவம்பர் 28, வெள்ளிக்கிழமை மாலை போட வேண்டும். வெள்ளிக்கு இரண்டு கிழமை முன்னால் புதன், ஜனவரி 14-ம் புதன்தான். தரிசன முன்பதிவுத் தேதி கிடைத்தபிறகு மாலை போடும் நாளை முடிவு செய்பவர்கள் இப்படியே கழித்துப் பார்க்கலாம். பதிவுத் தேதியிலிருந்து 47 நாள் பின்னால், அல்லது அதற்கும் முன்பே போட்டால் சரி.

48-ஆம் நாளும் மாலை கழற்றும் நாளும் ஒன்றல்ல

48 நாள் என்பது மலை ஏறுவதற்கு முன் குறைந்தது இத்தனை நாள் விரதம் என்பதற்கான கணக்கு. அது முடிந்த மறுநாளே மாலையைக் கழற்றிவிடலாம் என்று ஒரு கன்னிசாமி கேட்டபோது எனக்குத் திக்கென்றது. இருமுடி கட்டி, பதினெட்டாம் படி ஏறி, ஐயனைப் பார்த்து, வீடு திரும்பிய பிறகுதான் மாலை கழற்றுவது. 48-ஆம் நாளில் படி ஏறியவர் வீடு வந்து சேர 49 அல்லது 50-ஆம் நாள் ஆகிவிடும், அது வரை விரதம் தொடரும். பயணம் பத்து நாள் தள்ளிப் போனால் விரதமும் பத்து நாள் நீளும்.

நெருங்கிய சொந்தத்தில் இறப்பு நேர்ந்து நடுவில் மாலையைக் கழற்ற வேண்டி வந்தால், எங்கள் குழுவில் விட்ட எண்ணிலிருந்து தொடர்வதில்லை. தீட்டு கழிந்து, குருசாமி மறுபடி மாலை போட்டால் அந்த நாள் புதிதாக 1. பழைய தாள்களில் எழுதிய எண்களை ரப்பர் வைத்து அழித்துவிட்டு, அன்று இரவு மறுபடி பென்சிலை எடுக்க வேண்டும்.