பிள்ளையின் கல்யாணக் கணக்கை நடுராத்திரியில் போடாதீர்கள்

என் மகளுக்குக் கல்யாணம் முடிவான நாளிலிருந்து தினமும் ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். மண்டபம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, துணிமணி இவ்வளவு என்று மனதுக்குள் கூட்டல் ஓடும். ஒவ்வொரு ராத்திரியும் வேறு தொகை வரும், அதுவும் முந்தின நாளை விடப் பெரிதாகத்தான் வரும். ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்து விளக்கைப் போட்டு, மேசையில் கிடந்த ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதிப் பார்த்தால், சாப்பாட்டுச் செலவை இத்தனை நாளும் இரண்டு தடவை கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதோடு, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் செலவைச் சேர்க்கவே இல்லை.

தலைக்குள்ளேயே கணக்கை வைத்திருப்பதுதான் முதல் தவறு. பத்துப் பதினைந்து தொகைகளை ஒன்றாகப் பிடித்து வைக்க மனதால் முடியாது, ஒன்று நழுவும், இன்னொன்று இரட்டிக்கும், மொத்தம் எவ்வளவு என்று தெரியாததால் பயம் மட்டும் அப்படியே நிற்கும்.

அடுத்ததுதான் நிறையப் பேர் செய்வது. விலைகளை விசாரித்து, ஆசைகளைக் கேட்டு, எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, அப்புறம் அதற்குப் பணம் தேடுகிறோம். இது தலைகீழ். முதலில் சேமிப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் ஆறு மாத வீட்டுச் செலவு, மருத்துவத்துக்கு ஒதுக்கியது, ஓய்வுக் காலத்துக்கு வைத்திருப்பது, இந்த மூன்றையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் கல்யாணத் தொகை. சின்னதாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது, அன்று அழுதேன்கூட. ஆனால் உழைக்கிற வயது உங்கள் பிள்ளைக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஓய்வுக் காலப் பணத்தை எடுத்துச் செலவழித்தால், அந்தக் கடனைக் கடைசியில் சுமப்பது அதே பிள்ளைதான்.

அந்தத் தொகையைப் பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பது இன்னொரு பெரிய தவறு. அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் மறைக்கிறோம். எல்லை தெரியாததால் அவர்கள் பாட்டுக்கு ஒவ்வொன்றாகத் தேர்வு செய்கிறார்கள், நாம் முகம் சுருங்கி "பார்க்கலாம்" என்கிறோம், அது அவர்களுக்கு "உன் விருப்பம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று கேட்கிறது. இப்படி இரண்டு வாரம் போன பிறகு நான் சொன்னது இதுதான்: "எங்களால் கடன் இல்லாமல் இவ்வளவு தர முடியும். இதற்குள் எது முக்கியம் என்று நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுங்கள். இதற்கு மேல் வேண்டுமென்றால் உங்கள் சம்பாத்தியத்தில் எவ்வளவு போட முடியும் என்று யோசியுங்கள்." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தப் பெரிய மண்டபத்தைக் கேட்டே இருக்க மாட்டேனே" என்றாள்.

விருந்தினர் பட்டியலுக்கு வருகிறேன், ஏனென்றால் தொகை உடைவது இங்கேதான். பெயரைச் சேர்க்கும்போது யாரும் பணத்தை நினைப்பதில்லை, விட்டுவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் பேனாவை நகர்த்துகிறது. உங்கள் மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பங்கை அவசரத்துக்கென்று தனியே வைத்துவிட்டீர்கள். மண்டபம், துணி, புகைப்படம் போன்ற, ஆள் கூடினாலும் மாறாத செலவுக்கு 36. சாப்பாடு, அழைப்பிதழ், தங்குமிடம் என்று தலைக்கு இவ்வளவு என ஏறுகிற செலவுக்கு 54, அது 200 பேருக்குப் போட்ட கணக்கு. இப்போது "இவர்களை விட முடியாது" என்று 60 பேர் சேர்ந்தால் அந்த 54 பங்கு 70 ஆகிவிடும். அவசரத்துக்கு வைத்த 10 பங்கும் போய், மேலும் 6 பங்கு கையைக் கடிக்கும். 260 பேருக்கு மண்டபம் போதவில்லை என்றால் மாறாது என்று நினைத்த 36 பங்கும் ஏறிவிடும். அதனால் ஆள் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு மண்டபம் பாருங்கள். ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமா, வேறொரு பெயரை எடுத்த பிறகு சேருங்கள்.

அந்த 10 பங்கு எதற்கு என்று கேட்பீர்கள். 1994-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள், சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். நம் வேலையை நாமே மதிப்பிடும்போது எல்லாம் சுமுகமாக நடக்கும் என்றுதான் மனம் எண்ணுகிறது. அதனால் உங்கள் ஊகத்தை நம்பாமல், சமீபத்தில் கல்யாணம் நடத்திய ஒருவரிடம் போய், கடைசியில் கொடுத்த உண்மையான தொகைகளைக் கேளுங்கள். போட்ட கணக்கைக் கேட்காதீர்கள், கொடுத்த கணக்கைக் கேளுங்கள்.

மற்றவர்கள் எதிர்பார்ப்பதை நாமே யூகித்துப் பயப்படுவதும் உண்டு. மாலையில் தனியாக ஒரு வரவேற்பு வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் குறையாக நினைப்பார்கள் என்று ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன். கடைசியில் போன் போட்டுக் கேட்டால், அந்த அம்மா, "நீங்கள் விரும்புகிறீர்கள் என்று நாங்கள் நினைத்தோம்" என்றார். ஆனால் இசைக் கச்சேரி கட்டாயம் வேண்டுமாம், அது எனக்குத் தோன்றவே இல்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் இல்லை, நான் நினைத்த இடத்தில் இல்லை.

அப்புறம், "கவலைப்படாதே" என்று தனக்குத்தானே உத்தரவு போடாதீர்கள், அடக்க அடக்க அது திரும்பி வரும். கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குகிற முறை ஒன்று இருக்கிறது, போர்க்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1983-ல் எழுதியது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு, அந்த அரை மணிக்குத் தள்ளிப்போட வேண்டும். படுக்கையில் வேண்டாம், தூங்கப் போகும் நேரத்துக்கு நெருக்கமாகவும் வேண்டாம். நான் சாயங்காலம் ஆறு மணிக்கு, மாடிப்படியில் நோட்டோடு உட்காருவேன். ஒவ்வொரு வரிக்கும் நாளைக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அதை எழுதுவேன், இல்லையென்றால் "கையில் இல்லை" என்று எழுதுவேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை, அதே மூன்று மணிதான். இரண்டாவது வாரத்தில்தான், விழித்தாலும் "ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்பிப் படுக்க முடிந்தது.

இது எல்லாருக்கும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, படபடப்பு விடவில்லை, வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கும் யோசனை வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் கல்யாண டென்ஷன் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே போங்கள்.

கடைசியாக ஒன்று. கல்யாண நாளன்று பணம் கொடுக்கிற வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உறைமேல் எழுதி, பணத்தை உள்ளே போட்டு, முதல் நாளே என் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், மொத்தம் ஏழு உறை. போனையும் அவனே வாங்கிக்கொண்டான். மகள் மண்டபத்துக்குள் வந்தபோது என் கையில் ஒன்றும் இல்லை, அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.