வீடியோவுக்குக் கீழே பேச்சையும் எழுதிவிடுங்கள்

யூடியூப் வீடியோவை ஐஃப்ரேமாகப் பதித்தால், அதில் பேசுவது உங்கள் பக்கத்தின் எழுத்தாகச் சேராது. குக்கர் பிரியாணி வீடியோ என்றால், பேச்சை அதன் கீழேயே எழுத்தாக வையுங்கள். நீளமாக இருந்தால் மடித்து வைக்கலாம்:

```html
<details>
<summary>வீடியோவில் பேசியது</summary>
<p>0:40 ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை கப் தண்ணீர்.</p>
<p>6:10 [குக்கர் விசில்] இப்போது அணைத்துவிடுங்கள்.</p>
</details>
```

மடித்திருந்தாலும் கூகுள் இதைப் படிக்கும். ஆனால் பட்டனைத் தட்டிய பிறகுதான் சர்வரிலிருந்து எழுத்து வரும் என்றால் படிக்காது. கூகுள் பட்டன் தட்டுவதில்லை. Ctrl+U அழுத்தி, பேச்சின் ஒரு வரியைத் தேடுங்கள். கிடைத்தால் சரி.

அந்த விசிலை விட்டுவிடாதீர்கள். சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு எப்போது அணைப்பது என்று வேறெப்படித் தெரியும்? தானியங்கி வசனத்தை ஒட்டுவதானால் அளவுகளை மட்டுமாவது சரிபாருங்கள், 'அரை'யும் 'ஆறு'ம் அதில் எளிதாகக் குழம்பும்.