பங்கு வெளியீடு: விண்ணப்பம் முதல் அழைப்பு வரை பதிவுகள் போடுவது எப்படி?

தனியார் நிறுமம் பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது. தெரிந்த சிலரிடம்தான் பணம் திரட்டும். ஆனால் பணம் தவணையாக வந்தால் பதிவுகள் பெரிய நிறுமத்துக்குப் போடுவது போலத்தான். ஒரே ஒரு கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிறுமம் 1,000 பங்குகளை வெளியிடுகிறது. முகமதிப்பு 100 ரூபாய், அதற்கு மேல் வாங்கும் முனைமம் 20 ரூபாய். விண்ணப்பத்தோடு 30, ஒதுக்கீட்டில் 50 (முனைமம் 20 இதற்குள் அடக்கம்), அழைப்பில் 40. வந்த விண்ணப்பங்களோ 1,200 பங்குகளுக்கு. யாரையும் விலக்காமல், 6 பங்கு கேட்டவருக்கு 5 என்ற விகிதத்தில் இயக்குநர்கள் ஒதுக்குகிறார்கள்.

1. விண்ணப்பப் பணம் வரும்போது

வங்கிக் கணக்கு – பற்று 36,000
பங்கு விண்ணப்பக் கணக்கு – வரவு 36,000

இதை நேராகப் பங்கு முதல் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. ஒதுக்கீடு ஆகும்வரை அது இன்னும் விண்ணப்பித்தவரின் பணம். பங்கு தராவிட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதால், அதுவரை அது நிறுமத்துக்குப் பொறுப்புதான்.

2. ஒதுக்கீடு முடிவான நாளில்

பங்கு விண்ணப்பக் கணக்கு – பற்று 36,000
பங்கு முதல் கணக்கு – வரவு 30,000
பங்கு ஒதுக்கீட்டுக் கணக்கு – வரவு 6,000

1,000 பங்குக்கு உரிய 30,000 மட்டுமே முதலுக்குப் போகிறது. மிச்சம் 6,000 அடுத்த தவணைக்கான முன்பணம். விகித ஒதுக்கீடு இல்லாமல் சிலரை அடியோடு நிராகரித்திருந்தால், இந்த 6,000 வங்கி வழியாகத் திரும்பப் போயிருக்கும்.

(தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: ‘பங்கு முதல்’ என்பதில் முதல் என்றால் மூலதனம், ‘முதல் அழைப்பு’ என்பதில் முதலாவது. இரண்டையும் குழப்பித் தவறான கணக்கில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

3. ஒதுக்கீட்டுத் தொகை கேட்கப்படும்போது

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். பங்குக்கு 50 வீதம் 50,000 வரவேண்டும். அதில் 30 முதலுக்கு, 20 முனைமத்துக்கு.

பங்கு ஒதுக்கீட்டுக் கணக்கு – பற்று 50,000
பங்கு முதல் கணக்கு – வரவு 30,000
பத்திர முனைமக் கணக்கு – வரவு 20,000

முழு 50,000-ஐயும் பங்கு முதலில் தள்ளிவிட்டால் இருப்பாய்வு அப்போதும் சமன்படும். தப்பு அதில் தெரியவே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதுவரை கேட்கப்பட்ட முகமதிப்பைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இங்கே 30 + 30 = 60, 1,000 பங்குக்கு 60,000. முதல் கணக்கு 80,000 காட்டினால் முனைமம் உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள்.

பிரித்து வைக்க வேண்டிய காரணம் இதுதான்: முனைமத்தைச் சட்டம் அனுமதிக்கும் சில நோக்கங்களுக்கே பயன்படுத்தலாம், லாபம் போலப் பங்காதாயமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. முகமதிப்பையே ஒழித்துவிட்ட இடங்களில் (சிங்கப்பூர் 2006-இலும் ஹாங்காங் 2014-இலும் ஒழித்தன) முனைமக் கணக்குக்கு வேலையே இல்லை. வந்த தொகை முழுவதும் முதல்தான்.

பணம் வரும்போது 50,000-ஐத் தேடாதீர்கள். 6,000 ஏற்கெனவே கையில் இருக்கிறது:

வங்கிக் கணக்கு – பற்று 44,000
பங்கு ஒதுக்கீட்டுக் கணக்கு – வரவு 44,000

இப்போது ஒதுக்கீட்டுக் கணக்கில் இருப்பு சுழி. சுழி ஆகவில்லை என்றால், யாரோ பணம் கட்டவில்லை, அல்லது 6,000-ஐ மறந்துவிட்டீர்கள்.

4. அழைப்பு

பங்கு அழைப்புக் கணக்கு – பற்று 40,000
பங்கு முதல் கணக்கு – வரவு 40,000

100 பங்கு வைத்திருக்கும் ஒருவர் தன் 4,000-ஐக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

வங்கிக் கணக்கு – பற்று 36,000
அழைப்பு நிலுவைக் கணக்கு – பற்று 4,000
பங்கு அழைப்புக் கணக்கு – வரவு 40,000

இருப்புநிலைக் குறிப்பில் இந்த 4,000-ஐக் கடனாளிகளோடு சேர்க்காமல், பங்கு முதலிலிருந்து கழித்துக் காட்ட வேண்டும்: 1,00,000 கழித்தல் 4,000, ஆக 96,000. முனைமம் 20,000-ஐக் கூட்டினால் 1,16,000. வங்கிக்கு வந்ததைக் கூட்டிப் பாருங்கள்: 36,000 + 44,000 + 36,000. அதே 1,16,000.

பின்னொரு நாள் அவர் பணம் கட்டினால் அழைப்புக் கணக்கைத் தொட வேண்டாம், அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. வங்கியைப் பற்று வைத்து, அழைப்பு நிலுவைக் கணக்கை வரவு வைத்தால் போதும்.