பார்வையே இல்லாத சனி: நடுப்புள்ளி கணக்கிடும் முறை

எங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஜாதகத்தில் பாகை கலையோடு கிரக ஸ்புடம் எழுதியிருந்தால் இந்தக் கணக்குக்கு அது போதும். கட்டம் மட்டும் இருந்தால் முடியாது.

இரண்டு கிரகங்களுக்குச் சரிபாதித் தூரத்தில் இருப்பது நடுப்புள்ளி. அங்கே மூன்றாவது கிரகம் வந்தால் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் என்பது ஜெர்மனியில் ஆல்ஃபிரட் விட்டே, ரெய்ன்ஹோல்ட் எபர்ட்டின் என்ற ஜோதிடர்கள் வளர்த்த முறை. சூரியன், சந்திரன் நடுப்புள்ளியை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒரு கற்பனை ஜாதகம்: சூரியன் ரிஷபம் 8°20', சந்திரன் சிம்மம் 22°40', சனி துலாம் 1°10'. சனியின் 3, 7, 10 பார்வைகள் தனுசு, மேஷம், கடகத்தில் விழுகின்றன. சூரியனும் சந்திரனும் தப்பித்துவிட்டார்கள். மேற்கத்திய முறையின் முக்கியக் கோணம் எதுவும் பொருந்தவில்லை.

முதலில் எல்லாவற்றையும் மேஷம் 0°-யிலிருந்து எண்ணுங்கள். சூரியன் 38°20', சந்திரன் 142°40', சனி 181°10'. சூரிய சந்திரரைக் கூட்டினால் 181°00', பாதி 90°30'. அதாவது கடகம் 0°30'. மீனம் 20°, மேஷம் 10° போல மேஷ முனையைத் தாண்டும் ஜோடிக்கு விடை எதிர்ப்பக்கம் துலாமில் வரும், 180° கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நடுப்புள்ளியிலிருந்து 45°-க்கு ஒரு இடமாக எட்டு இடங்களும் கணக்கில் சேரும். எட்டையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் முடிந்தவரை 90 கழியுங்கள். எட்டு இடமும் இரண்டாகச் சுருங்கும்: நடுப்புள்ளி 0°30' ஆகிறது, அதன் ஜோடி 45°30'. சனி 1°10'. வித்தியாசம் 40 கலைதான்! பார்வையே இல்லாத சனி, சூரிய சந்திர நடுப்புள்ளிக்கு 90°-யில் நிற்கிறது. உறவுகளில் தயக்கம், சீக்கிரமே தோளில் ஏறும் பொறுப்பு என்று இந்த முறையில் படிப்பார்கள்.

விலகல் ஒன்றரைப் பாகைக்குள் இருக்கட்டும். இருபுறமும் சேர்த்து 3°, எட்டு இடத்துக்கு 24°. அதாவது 360-ல் பதினைந்தில் ஒரு பங்கு. பத்து கிரகம் எடுத்தால் 45 நடுப்புள்ளிகள். எந்தக் கிரகமும் தற்செயலாகவே இரண்டு மூன்றில் விழும். கிடைத்ததையெல்லாம் பலனாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. நான் ஒரு பாகைக்குள் வருவதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அயனாம்சம் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் ஒரே அளவு நகர்வதால் இடைவெளி மாறாது. வாக்கியப் பஞ்சாங்கம் மட்டும் ஆகாது. சனிப்பெயர்ச்சியே திருக்கணிதத்தோடு மாதக்கணக்கில் தள்ளிப்போகும்போது 40 கலைக்கு என்ன மதிப்பு? பிறந்த நேரம் ஒரு மணி தவறினாலும் இந்தப் புள்ளி கால் பாகைதான் நகரும். லக்னத்தைச் சேர்த்த நடுப்புள்ளியோ நான்கு நிமிடத்திலேயே ஏறக்குறைய அரைப் பாகை ஓடிவிடும், அதனால் நேரம் உறுதியில்லாத ஜாதகத்தில் அதைத் தொடவே மாட்டேன்.